மாற்றித் தருகிறோம் என்று பெற்றோரிடம் சொல்லும் உளவளத்துணையாளர்களுக்கு

திருகோணமலையில் குடும்ப ஆலோசனை, உளவளத்துணை, பிரார்த்தனைச் சிகிச்சை என்று பல பெயர்களில் பிள்ளைகளைப் பார்க்கும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் எல்லோரையும் சொல்லவில்லை. மகன் பெடியன்களை விரும்புகிறான், மகளுக்கு இன்னொரு பெண்ணோடு உறவு என்று தெரிந்து, ஊருக்குத் தெரியமுன் ஏதாவது செய்யுங்கள் என்று அழுதுகொண்டு வரும் தாய்தகப்பனிடம், "பயப்படாதேங்கோ, இது மாற்றக்கூடியது, எங்களிடம் வந்த பலர் மாறியிருக்கிறார்கள்" என்று சொல்லிக் காசு வாங்குபவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் இந்த ஊரில் பல வருடம் உயிரியல் படிப்பித்தவள். எந்த முடிவுக்கும் ஆதாரம் எங்கே என்று கேட்கத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதையே இப்போது உங்களிடம் கேட்கிறேன்: மாறினார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பிள்ளையே சொன்னான் என்பீர்கள். சரி, அங்கிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இந்த விசயத்தில் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

றொபேட் ஸ்பிற்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து ஒருபாலீர்ப்பை நீக்கியபோது அதற்கு முன்னின்று உழைத்தவர் அவர். அதே மனிதர் 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். நாங்கள் மாறிவிட்டோம், மாறி ஐந்து வருடமாவது ஆகிறது என்று சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி எடுத்து, நல்ல மன உறுதி உள்ள சிலருக்கு மாற்றம் நடந்திருக்கிறது போலத் தெரிகிறது என்று எழுதினார். உலகமெங்கும் 'மாற்றுச் சிகிச்சை' செய்பவர்கள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். பட்டியலிலிருந்து நீக்கிய ஆளே சொல்லிவிட்டார், இதைவிட வேறென்ன வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் இணையத்தில் தேடினால் அந்த ஆய்வைக் காட்டும் பக்கங்கள் வரும். நீங்கள் பெற்றோருக்குக் காட்டுவதும் அதுவாக இருக்கலாம்.

அந்த 200 பேரும் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பகுதியினரை அனுப்பியது மாற்றம் சாத்தியம் என்று பிரசாரம் செய்த மத அமைப்புகளும் அந்தச் சிகிச்சையாளர்களின் சங்கமும். அவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே மேடையேறி, நான் மாறிவிட்டேன் என்று சாட்சி சொன்னவர்கள். சிகிச்சைக்குப் போய் மாறாமல் திரும்பியவர்களை யாரும் தேடவில்லை. சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட ஒரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. பல வருடத்துக்கு முன் மனதுக்குள் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அவர்கள் நினைவிலிருந்து சொன்னதுதான் அளவீடு. ஒரு பேட்டி ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம். ஓ.எல். வகுப்புப் பிள்ளை ஒரு பரிசோதனையை இப்படிச் செய்துகொண்டு வந்தால்கூட நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

2012இல், ஏறத்தாழ 80 வயதில், ஸ்பிற்சர் அந்த ஆய்வை வெளியிட்ட சஞ்சிகைக்கே கடிதம் எழுதினார். மாறிவிட்டேன் என்று ஒருவர் சொல்வது உண்மையா, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதா, பொய்யா என்று பிரித்தறிய என் ஆய்வில் வழியே இருக்கவில்லை, அதைச் சரிசெய்யவும் முடியாது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆய்வை நம்பிக் காலத்தையும் சக்தியையும் வீணாகச் செலவழித்தவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். அடுத்த வருடம், 2013இல், இந்தத் துறையில் மிகப் பெரிய கிறிஸ்தவ அமைப்பாக இருந்த எக்சொடஸ் இன்டர்நஷனல் கதவை மூடியது. அதன் தலைவரும் மன்னிப்புக் கேட்டார். தான் சந்தித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய ஈர்ப்பும் மாறவில்லை என்று மூடுவதற்கு முன்பே அவர் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். என் பெறாமகனின் கதையை அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஏ.எல். படிக்கும்போது அவனுடைய ஃபோனில் இருந்த சில செய்திகளைத் தகப்பன் பார்த்துவிட்டார். யாரோ சொல்லி உங்களைப் போல ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் முதலில் தகப்பனின் அன்பு போதாமல் போனதுதான் காரணம் என்றார், தகப்பன் உடைந்துபோனார். பிறகு பெடியனிடம், பழைய சிநேகிதர்களோடு கதைக்காதே, அப்படியான எண்ணம் வரும்போதெல்லாம் உன்னையும் குடும்பத்தையும் பற்றி அருவருப்பான ஒரு காட்சியை மனதில் கொண்டுவா, எத்தனை தரம் வந்தது என்று கொப்பியில் குறித்துக்கொண்டு வா என்றார். கொப்பியில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பூச்சியம். சிகிச்சை வெற்றி என்று அவர் சொன்னார், வீட்டில் கோயிலுக்கு நேர்த்தி தீர்த்தார்கள்.

உண்மையில் குறைந்தது அவன் எழுதியது மட்டும்தான். அம்மா சாப்பிடாமல் இருந்தாள் சித்தி, பூச்சியம் எழுதினால் சாப்பிடுவாள் என்று தெரிந்தது, எழுதினேன் என்றான். இரவில் நித்திரை இல்லை, விளையாடப் போவதை விட்டான், ஒருவரோடும் கதைப்பதில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று நினைத்த இரவுகள் இருந்தன. அந்த அமைதியைத்தான் வீட்டில் 'பெடியன் திருந்திவிட்டான்' என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் பெயர் இன்றைக்கும் உங்களில் ஒருவருடைய வெற்றிக் கணக்கில் இருக்கிறது. தண்டனைச் சட்டக் கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365A பிரிவுகள் இருக்கும் இந்த நாட்டில், ஊர் வாய் ஒரு பக்கம், வீட்டுக் கண்ணீர் ஒரு பக்கம் நிற்கும்போது, ஒரு பிள்ளை உங்கள் மேசைக்கு முன்னால் இருந்து வேறென்ன பதில் சொல்வான்?

வாய்ச் சொல்லை விட்டு உடம்பை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1960களிலும் 70களிலும் மேற்கு நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆண்களின் படங்களைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், வாந்தி வரவைக்கும் ஊசி போட்டார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் நியமித்த குழு ஒன்று 1960 முதல் 2007 வரை வந்த 83 ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 2009இல் அறிக்கை தந்தது. ஓரளவு ஒழுங்காகச் செய்யப்பட்ட பழைய ஆய்வுகள் சிலவற்றில் தெரிந்தது இதுதான்: சிலருக்குப் பாலியல் உணர்ச்சியே மங்கியது, ஆனால் எதிர்ப்பாலின் மேல் ஈர்ப்பு புதிதாக வரவில்லை. அதாவது திசை மாறவில்லை, ஆள் மரத்துப்போனான். உங்களில் யாரோ ஆண் ஹோர்மோன் ஊசிக்கு ஆள் அனுப்புகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அது ஆசையின் அளவைக் கூட்டும், யார்மேல் ஆசை என்பதை மாற்றாது. இது பல பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்துத் தெரிந்த விசயம்.

பேச்சு மட்டும்தானே, மின்னதிர்ச்சி கொடுக்கவில்லையே, என்ன கெட்டுவிடும் என்பீர்கள். 2018இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு 21 முதல் 25 வயதுக்குட்பட்ட 245 பேரிடம் அவர்களுடைய இளமைக்காலத்தைக் கேட்டது. யாரும் மாற்ற முயலாதவர்களில் 22 சதவீதம் பேர் ஒருமுறையாவது தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். அதுவே பெரிய எண்தான். பெற்றோர் வீட்டில் மாற்ற முயன்றவர்களில் 48 சதவீதம். பெற்றோரோடு சிகிச்சையாளரோ மதத் தலைவரோ சேர்ந்துகொண்டால் 63 சதவீதம். இதுவும் நினைவிலிருந்து சொன்னதுதானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம், கேட்க வேண்டும். உண்மை, இந்த ஒரு ஆய்வு மட்டும் காரணத்தை நிரூபித்துவிடாது. ஆனால் வேறு ஆய்வுகளும் அதே பக்கத்தைத்தான் காட்டுகின்றன. பலன் உண்டு என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரம் இல்லை, ஆபத்து உண்டு என்பதற்குத் திரும்பத் திரும்ப ஆதாரம் வருகிறது என்றால், அந்த மருந்தை எந்த வைத்தியராவது எழுதிக் கொடுப்பாரா?

மருத்துவ அமைப்புகள் இதை எதிர்ப்பது இந்த இரண்டு காரணத்தாலும், அதற்கு முன்னால் நோயே இல்லை என்பதாலும்தான். உலக சுகாதார நிறுவனம் 1990இல் ஒருபாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக மனநல மருத்துவர் சங்கம் 2016இல் இப்படியான சிகிச்சைகளுக்கு எதிராக அறிக்கை விட்டது. இது வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவிடவும் முடியாது, சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இப்படிக் குணப்படுத்த முயல்வதைத் தடை செய்யச் சொன்னது, அடுத்த வருடம் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது.

பிரார்த்தனை செய்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கோணேசருக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுங்கள், துஆ கேளுங்கள். பிள்ளைக்கு நிம்மதி வேண்டி எதையும் கேளுங்கள். அதைச் சிகிச்சை என்று பெயர் வைத்து, முடிவு வராதபோது உன் விசுவாசம் போதாது என்று பிள்ளைமேலேயே பழியைப் போடாதீர்கள். கலியாணம் கட்டிவைத்தால் சரியாகும் என்றும் சொல்லாதீர்கள், அதில் ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது.

குழப்பத்தோடு வரும் பிள்ளையைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாருங்கள். முடிவு இதுதான் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் கேளுங்கள். வீட்டில் அடிக்கிறார்களா, நித்திரை வருகிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று தனியாக, தாய்தகப்பன் இல்லாமல் விசாரியுங்கள். ஆபத்து என்று பட்டால் மனநல கிளினிக்குக்கு அனுப்புங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைக் கொடுங்கள். அவன் சொன்னதை அவன் அனுமதி இல்லாமல் தகப்பனிடம் சொல்லாதீர்கள். பெற்றோருக்குத் துக்கம் இருக்கும், அவர்களோடு தனியாக இருந்து கதையுங்கள், அதற்குத்தான் உங்களிடம் பயிற்சி இருக்கிறது.

இனி உங்கள் பழைய பதிவுகளை எடுங்கள். மாறிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதிவைத்த ஆட்களில் எத்தனை பேரை ஐந்து வருடத்துக்குப் பிறகு, வீட்டார் பக்கத்தில் இல்லாமல், சந்தித்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இப்போது உங்களிடம் வந்துகொண்டிருக்கும் பிள்ளையின் தாய்தகப்பனைக் கூப்பிட்டு, இது நோய் இல்லை, மாற்றித் தருவேன் என்று நான் சொன்னது பிழை என்று நேரே சொல்லுங்கள். அதற்கென்று வாங்கிய காசையும் திருப்பிக் கொடுங்கள்.