வாரம் முழுக்க ஒரே சாமான் லிஸ்ட்

ஸ்கார்பரோ, கனடா,
பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. பதில் போடாம இருந்தது தப்புதான், மன்னிச்சிடுங்க. இங்க எல்லாம் நல்லாதான் போகுது. வேலை நேரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அதனால வீட்டுல சமைக்க நேரம் கிடைக்குது. அம்மாவுக்கு முட்டி வலின்னு சமையல் முழுக்க உங்க தலையில விழுந்ததையும், அண்ணன் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு ஓடியும் ஒரு நாள் வெங்காயம் பத்தாம இன்னொரு நாள் முளை விட்டுக் கிடக்குதுன்னும் எழுதியிருந்தீங்க. ஏழு நாள் சமையலையும் எழுதி அனுப்பினது நல்லதாப் போச்சு. வாரத்துக்கு ஒரே லிஸ்ட்டா எப்படிப் போடறதுன்னு அதை வச்சே சொல்றேன்.

நீங்க ஒவ்வொரு குழம்புக்கும் தனித்தனியா சாமான் எழுதறீங்க. அதைத் திருப்பிப் போடணும். ஒரு தாள்ல இடது பக்கம் சாமான் பேரு, அதுக்கு நேரா எந்தெந்த நாளைக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. பெரிய வெங்காயத்தையே பாருங்க. திங்கள் சாம்பாருக்கு 1, புதன் மீன் குழம்புக்கு 2, வெள்ளி தக்காளி சாதத்துக்கு 3, சனி முட்டைக் குழம்புக்கு 2, ஞாயிறு பிரியாணிக்கு அரை கிலோ, தயிர் பச்சடிக்கு 2. இதுல முட்டைக் குழம்பு மட்டும் நாலு பேருக்கான கணக்கு. நம்ம வீட்டுல ஆறு பேரு, அதனால அது 3 ஆகும். ஆள் கணக்கை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம்தான் கூட்டணும்.

அடுத்தது அளவு. எண்ணிக்கையையும் கிலோவையும் சேர்த்துக் கூட்ட முடியாது. நடுத்தர வெங்காயம் ஒண்ணு ஏறக்குறைய 100 கிராம். அப்படிப் பார்த்தா 100, 200, 300, 300, 500, 200, மொத்தம் 1,600 கிராம். கூடையில நாலு வெங்காயம் இருந்தா 400 கழிச்சிடுங்க. வாங்க வேண்டியது 1 கிலோ 200. கடைக்காரர் ஒண்ணேகால் கிலோவா போட்டுக் கொடுத்தா சரியா இருக்கும்.

அந்த முழுசாக்கற வேலையைக் கடைசியில ஒரே தடவைதான் பண்ணணும். ஒவ்வொரு குழம்புக்கும் "கால் கிலோ, அரை கிலோ" ன்னு ஏத்தி எழுதினா, இதே ஏழு நாளுக்கு 2 கிலோ 250 வந்து நிக்கும். 650 கிராம் வீணா வாங்கறோம். முளை விட்ட வெங்காயம் இங்கேயிருந்துதான் வருது அண்ணி. இன்னொண்ணு, 1,600 ன்னு மட்டும் எழுதாம நாளோட சேர்த்தே எழுதி வைங்க. மீன் கிடைக்கலன்னு புதன்கிழமைக் குழம்பை மாத்தினா, எதுல 200 குறைக்கணும்னு பார்த்த உடனே தெரியும். ஏப்ரல் 15 லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் வேற வருது, அப்ப இது ரொம்ப உதவும்.

பேரு விஷயத்துல ஜாக்கிரதையா இருங்க. உங்க தாள்ல சாம்பாருக்கு நேரா "கொத்தமல்லி", மீன் குழம்புக்கு நேராவும் "கொத்தமல்லி". ஒண்ணு தழை, இன்னொண்ணு வறுத்து அரைக்கிற விதை. விதைக்கு "தனியா" ன்னு பேரு எழுதிட்டா குழப்பமே இல்ல. மிளகாயும் அப்படித்தான், பச்சையா காய்ஞ்சதான்னு போடணும். வத்தக்குழம்புக்கான கால் கிலோ சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயத்தோட கூட்டக் கூடாது, அது தனி வரி.

மாவுலதான் நிறைய பேரு ஏமாறுவாங்க. திங்கள் இட்லிக்கு 4 டம்ளர் அரிசி, 1 டம்ளர் உளுந்துன்னு எழுதியிருக்கீங்க, செவ்வாய் தோசைக்கும் அதையே எழுதியிருக்கீங்க. அரைக்கறது ஒரு தடவைதானே? ஒரு நாளைக்கு மட்டும் கணக்குல வச்சுட்டு, செவ்வாய்க்கு "திங்கள் மாவு" ன்னு குறிச்சிடுங்க. இதுக்கு நேர்மாறா பிரியாணிக்கு "இஞ்சி பூண்டு விழுது 100 கிராம்" னு இருக்கு. வீட்டுல அரைக்கிற விழுதைக் கடையில கேட்க முடியாது. இஞ்சி 50, பூண்டு 50 ன்னு பிரிச்சு அந்தந்த வரியில சேர்த்தா, ரசத்துக்கும் வத்தக்குழம்புக்கும் வேண்டிய பூண்டோட சேர்ந்து மொத்தம் வந்துடும். உரிச்சா கொஞ்சம் எடை குறையும், அதனால ஒரு கை கூடவே வாங்குங்க.

தேங்காய்க்கு எல்லாத்தையும் மூடிக் கணக்குக்கு மாத்துங்க. ஒரு தடவை ஒரு மூடியைத் துருவி, நீங்க அளக்கற கப்புல போட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட ஒரு கப் வரும். பீன்ஸ் பொரியலுக்கு அரை, செவ்வாய் சட்னிக்கு ஒண்ணு, வியாழன் சுரைக்காய் கூட்டுக்கு அரை, முட்டைக் குழம்புக்கு அரை, ஞாயிறு காலைச் சட்னிக்கு ஒண்ணு. ஆக மூணரை மூடி, அதாவது ரெண்டு காய். ரெண்டையும் ஒரே நாள்ல உடைச்சிடாதீங்க. திங்கள்கிழமை உடைக்கிற காய் வியாழன் கூட்டோட தீரும். மிஞ்சற துருவலை ஃபிரிட்ஜுல வைங்க. ரெண்டாவது காயை சனிக்கிழமை உடைச்சா போதும், அரை மூடி மிச்சம் இருக்கும். தழையும் இப்படித்தான். "கொஞ்சம்" ன்னு அஞ்சு இடத்துல எழுதினா கூட்ட முடியாது. ஒரு கைப்பிடின்னு எழுதுங்க. மொத்தம் ரெண்டு கட்டு வந்தா, திங்கள் ஒண்ணு, வியாழன் ஒண்ணுன்னு வாங்குங்க.

மீனைக் காய்கறி லிஸ்ட்டுல சேர்க்காதீங்க, காசிமேட்டுக்குத் தனிச் சீட்டு. குழம்புல போடறது ஆய்ஞ்ச மீன், நிறுத்து வாங்கறது முழு மீன். தலை, செதில், குடலெல்லாம் போக ஒரு கிலோ வேணும்னா சங்கரா ஒன்றரை கிலோவாவது வாங்கணும். தலையைக் குழம்புல போடறதா இருந்தா கொஞ்சம் குறைச்சுக்கலாம். புளி, பருப்பு, மிளகாய்த்தூள் இதெல்லாம் மாசச் சாமான். வாராவாரம் எழுத வேண்டாம், டப்பாவை ஒரு பார்வை பார்த்தா போதும்.

இங்க கடையில பவுண்டு விலையைப் பெருசாவும் கிலோ விலையைப் பொடியாவும் போட்டிருப்பாங்க. 454 கிராம் ஒரு பவுண்டு. நான் லிஸ்ட்டு முழுக்க கிராம்லயே எழுதி எடுத்துட்டுப் போவேன். மைனஸ் 15 குளிர்ல பையோட பஸ்ஸுக்கு நின்னுட்டு, ஒரு தேங்காய் விட்டுப்போச்சுன்னு திரும்பிப் போக முடியாது. தேங்காயும் உறைஞ்ச துருவலா பொட்டலத்துலதான் வாங்கறேன். அம்மா தேங்காய் துருவும்போது பக்கத்துல உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துத் தின்னுட்டுத் திட்டு வாங்குவேனே, அந்த ருசி இதுல இல்ல அண்ணி. சங்கரா மீன் குழம்பு வைக்கிற புதன்கிழமை எனக்கு போன் பண்ணுங்க, தாளிக்கிற சத்தமாவது கேட்கிறேன்.

அம்மா முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சா? பாப்பாவோட ஸ்கூல் ஃபீஸ் கட்ட இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு எழுதுங்க. இந்த மாசம் அனுப்பறது கொஞ்சம் தள்ளிப் போகுது, மார்ச் முதல் வாரத்துல சேர்த்தே அனுப்பிடறேன், அண்ணனை யார்கிட்டயும் கை நீட்ட வேணாம்னு சொல்லுங்க. மாடி ஒழுகறதைப் பத்தி சித்தப்பா என்ன சொன்னார்? கொத்தனாரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி எத்தனை மூட்டை சிமெண்ட்டுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

அன்புடன்,
உங்க கொழுந்தன்