கல்லா சீட்டில் பூஜ்யம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அக்கா மகளுக்குக் காதுகுத்து ஆவணியில் வைத்திருக்கிறார்கள், நாள் குறித்ததும் சொல்கிறேன். மல்லி, வற்றல் லோடு தூத்துக்குடிக்கு வருகிறது, அதோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுத்தில் இருந்தால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

தூத்துக்குடிக் கடையிலிருந்து ராத்திரி நீ அனுப்பும் கல்லா சீட்டு ஒரு நாளும் தவறியதில்லை. அதில் எனக்குப் பெருமைதான், அப்பாவிடமும் சொன்னேன். ஆனால் இந்த மாதம் முழுக்க, ரெண்டு கல்லாவிலும், வித்தியாசம் என்ற கட்டத்தில் பூஜ்யமே இருக்கிறது. தம்பி, ஒரு கல்லாவில் ஒரு நாளைக்கு இருநூறு பில் ஓடுகிறது. ஒரு ரூபாய் சில்லறை இல்லை என்று ஒருவர் விட்டுவிட்டுப் போவார், இன்னொருவருக்கு ரெண்டு ரூபாய் சேர்த்துக் கொடுத்திருப்போம். மூன்று ரூபாய் குறையும், ஏழு ரூபாய் கூடும். மாதம் முழுக்கப் பூஜ்யம் வராது. வந்தால் யாரோ சரிக்கட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அத்தானிடம் எதற்குப் பணம் வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. போன சனிக்கிழமை சீட்டை மட்டும் சொல்கிறேன், நீயே பார்.

ரெண்டாம் கல்லா. காலையில் சில்லறை வைத்தது 3,000. ரொக்க விற்பனை 48,620. பழைய பாக்கி ரொக்கமாக வந்தது 1,500. மொத்தம் 53,120. இதில் சரக்கு திரும்பியதற்குக் கொடுத்தது 640, ஆட்டோவுக்கும் டீக்கும் வவுச்சர் 380. இரண்டையும் கழித்தால் 52,100. சாயங்காலம் பெட்டகத்துக்கு எடுத்தது 30,000. ஆகக் கல்லாவில் இருக்க வேண்டியது 22,100. நீ எண்ணி எழுதியதும் 22,100. ஐநூறு முப்பத்து நாலு, இருநூறு பதினொன்று, நூறு இருபது என்று கீழே வரைக்கும் எழுதி, நாணயம் 100 என்று முடித்திருக்கிறாய். கூட்டல் எல்லாம் சரி.

ஆனால் நீ எனக்கு ரொக்கச் சீட்டை மட்டும்தான் அனுப்புகிறாய். யூபிஐ பணம் என் பேரில் இருக்கிற கணக்குக்கு வருகிறது, பட்டியல் என் போனிலும் தெரியும், பில் மெஷினின் கணக்கும் தெரியும். ரெண்டாம் கல்லா கியூஆர் அட்டைக்கு அன்றைக்கு வந்தது 32,700. நாள் முடிவில் பில் மெஷினில் நீ எடுக்கிற இசட் ரிப்போர்ட்டில் யூபிஐ விற்பனை 31,455. பணம் 1,245 கூட வந்திருக்கிறது. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். ராத்திரி 7:42க்கு ஒரே தொகையாக 1,245 வந்திருக்கிறது. பில் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் 7:41க்கு அதே 1,245க்கு ஒரு பில், பணம் செலுத்திய முறை "ரொக்கம்". வாங்கினவர் ஜிபேயில் போட்டிருக்கிறார், கல்லாவில் உட்கார்ந்த பிள்ளை அவசரத்தில் ரொக்கம் பட்டனை அழுத்தியிருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டத்தில் நடக்கிறதுதான்.

அப்படியென்றால் அந்த 1,245 கல்லாவுக்குள் வரவே இல்லை. ராத்திரி எண்ணினபோது 20,855தான் இருந்திருக்கும், 1,245 துண்டு விழுந்திருக்கும். ஆனால் சீட்டில் 22,100 இருக்கிறது. அந்த 1,245 எங்கிருந்து வந்தது, ராசா?

காணாமலே போகாத பணத்துக்கு நீ கைக்காசு போட்டிருக்கிறாய். அன்றைக்கு யூபிஐ பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரொக்கம் குறைந்தால் முதலில் யூபிஐயும் கார்டும் கூடியிருக்கிறதா என்று பார். இங்கே குறைந்ததும் அங்கே கூடியதும் ஒரே தொகையாக இருந்தால் பில் போடும்போது முறை மாறியிருக்கிறது, பணம் எங்கும் போகவில்லை. இதற்காகத்தான் ரெண்டு கல்லாவுக்கும் தனித்தனி கியூஆர் அட்டை வாங்கிக் கொடுத்தேன். கூட்டமாக இருக்கிறது என்று ஒரே அட்டையை இங்கும் அங்கும் நீட்டாதீர்கள். அப்புறம் எந்தக் கல்லாவின் பணம் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டு மெஷினில் செட்டில்மென்ட் போட்டு, அந்தச் சீட்டையும் இசட் ரிப்போர்ட்டோடு பின் பண்ணு. செட்டில்மென்ட் போடாமல் விட்டால் அன்றைய பணம் மறுநாள் கணக்கோடு கலந்துவிடும்.

எண்ணுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். ஷட்டரைப் பாதி இறக்கியதும் கல்லா தட்டை உள் மேஜைக்குக் கொண்டு போங்கள். இசட் ரிப்போர்ட் எடுப்பதற்கு முன்னாலேயே எண்ணணும். எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு எண்ணினால், கை அந்தத் தொகைக்கே எண்ணும். கல்லாவில் உட்கார்ந்த பிள்ளை முதலில் எண்ணி, நோட்டு வாரியாகச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதைப் பார்க்காமல் நீ ரெண்டாவது எண்ணு. ரெண்டும் ஒத்துப்போன பிறகு ரிப்போர்ட்டை எடு. கடைசியில் 3,000ஐ சில்லறையும் சின்ன நோட்டுமாக எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பெட்டகத்தில் வை.

சீட்டில் ஒரு கட்டம் விட்டுப் போயிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள். கல்லா தட்டைத் தூக்கி அடியில் பார்த்தாயா என்று ஒரு கட்டம். ஐநூறு ரூபாய் நோட்டைத் தட்டுக்கு அடியில் சொருகி வைக்கிற பழக்கம் அங்கே எல்லோருக்கும் இருக்கிறது. டிராயரை முழுசாக வெளியே இழுத்துப் பின்பக்கம் கைவிட்டுப் பார். நோட்டு வழுக்கி அங்கேதான் விழுந்து கிடக்கும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் தொகையே பேசும். வவுச்சரைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் அதைப் போல ரெண்டு மடங்கு குறையும். 380 வவுச்சருக்கு 760 குறைவாகக் காட்டும். அதனால் முதலில் குறைந்ததைப் பாதியாக்கி, அந்தத் தொகைக்கு வவுச்சரோ ரிட்டர்னோ இருக்கிறதா என்று பார். அடுத்தது ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540ஐ 450 என்று எழுதினால் 90 வித்தியாசம். 180 குறைந்தால் எனக்கு உடனே இருபது ரூபாய் நோட்டு ஞாபகம் வரும். புது இருபதும் இருநூறும் ரெண்டும் மஞ்சள் சாயல்தான், ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் போன பணம் திரும்பி வராது, ஆனால் எப்படிப் போனது என்றாவது தெரியும்.

இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் தூக்கக் கலக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தால் இல்லாத வித்தியாசமும் வரும். கிடைக்கவில்லையா, "குறைவு 140" என்று எழுது, கையெழுத்துப் போடு, கடையைப் பூட்டிவிட்டுப் போய்ச் சாப்பிடு. எழுதின குறைவைப் பார்த்து நான் சத்தம் போடுவேன் என்று நினைக்காதே. எழுதாமல் மூடி மறைத்த குறைவுக்குத்தான் எனக்குக் கோபம் வரும்.

கூடுதலும் அப்படித்தான். முன்னால் ஒரு தடவை சொன்னாயே, கூட வந்த பணத்தைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, குறைகிற நாளுக்கு எடுத்துப் போடுகிறோம் என்று. அந்த டப்பாவை எடுத்துவிடு. கூட வந்த 100 ரூபாய் யாருக்கோ குறைத்துக் கொடுத்த சில்லறையாக இருக்கலாம், அல்லது பில் போடாமல் விற்ற சரக்காக இருக்கலாம். அதை வைத்துக் குறைவை அடைத்தால் ரெண்டுமே கண்ணில் படாமல் போகும். கூடுதலையும் சீட்டில் எழுதிப் பெட்டகத்தில் சேர். வாங்கினவர் மறுநாள் வந்து கேட்டால் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம்.

அந்தப் பிள்ளை பேர் கெட்டுவிடும் என்றுதான் இதெல்லாம் செய்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் மனசு எனக்குத் தெரியும், நல்ல மனசு. ஆனால் அவளுக்கு நீ செய்கிறது உதவி இல்லை. ரொக்கம் பட்டனை மாற்றி அழுத்துகிறாள் என்று அவளுக்கே தெரியாதே. சனிக்கிழமை பில்லைக் காட்டிச் சொன்னால் அடுத்த வாரம் சரியாகப் பார்ப்பாள். அதோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் எழுந்து போகும்போது யார் உட்காருகிறார்கள்? எண்ணி ஒப்படைக்காமல் ஒரே கல்லாவில் ரெண்டு பேர் கை வைத்தால், ராத்திரி குறைவது யாருடையது? ஒன்று எண்ணிக் கொடுத்துவிட்டு எழட்டும், இல்லை அந்த முக்கால் மணி நேரம் கல்லாவைப் பூட்டிவிட்டு முதல் கல்லாவில் பில் போடுங்கள். யார் கையில் போனது என்று நிச்சயமாகத் தெரியாமல் அவள் சம்பளத்திலும் பிடிக்காதே, உன் கையிலிருந்தும் போடாதே.

இன்னொன்று. பணம் சரியாக இருக்கிறது என்பதால் எல்லாம் சரி என்று ஆகாது. வாங்கினவர் போன பிறகு பில்லை ரத்து செய்துவிட்டுப் பணத்தை எடுத்தால், கல்லா ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகும். அதனால் ரத்து செய்த பில் பட்டியலைத் தினமும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதற்கு என்று எழுதச் சொல். நான் யாரையும் சந்தேகப்படவில்லை. முழுசாகச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன்.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அக்கா சொன்னாள், இளைத்துவிட்டாய் என்று.

சரி, இப்போது செய்ய வேண்டியது இது. சனிக்கிழமை 1,245 உன் பணம். "7:41 பில், முறை மாறியது" என்று வவுச்சர் எழுதிப் பெட்டகத்திலிருந்து எடுத்துக்கொள், நானும் என் நோட்டில் எழுதிவிடுகிறேன். இந்த மாதத்தில் மற்ற எந்தெந்த நாள் எவ்வளவு போட்டாய் என்று ஞாபகம் இருக்கிற வரைக்கும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. யூபிஐ பட்டியலை நான் இங்கே எடுத்து வைக்கிறேன், நாள் நாளாக ஒத்துப் பார்க்கலாம். கிடைக்கிற தொகையை அத்தானுக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. இன்றைக்கு ராத்திரியிலிருந்து ரொக்கச் சீட்டோடு யூபிஐ, கார்டு ரெண்டையும் சேர்த்து ஒரே போட்டோவாக அனுப்பு. வித்தியாசம் என்ற இடத்தில் என்ன வந்ததோ அதையே எழுது.

அன்புடன்,
அம்மா