மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்: புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகளின் தலைவர்களுக்கும், மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும் வணக்கம்.

நோய் உறுதியான புதிதில் எல்லோரிடமும் மன உளைச்சல் படிவம் கொடுத்து வாங்குகிறீர்கள். நல்லது. ஆனால் எந்த மதிப்பெண்ணுக்கு, யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்காத இடத்தில் அந்தப் படிவம் கோப்புக்குள் போய்விடுகிறது. நோயாளியோ, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறார். அந்த எல்லைக்கோடுகளை வகுத்துத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதல் படிக்கு டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர் போதும். இன்றையும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தின் உளைச்சலை 0 முதல் 10 வரை நோயாளியே குறிக்கிறார். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும். அதற்குமுன் கூடவே உள்ள பிரச்சினைப் பட்டியலைப் பாருங்கள். வலி, செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பவை மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், அவர் முதலில் பார்க்க வேண்டியது வலி மருத்துவரையோ சமூகப் பணியாளரையோதான். 4 வந்த எல்லோரையும் உளநலக் குழுவுக்கு அனுப்பினால் வரிசை நீண்டு, உண்மையில் அவசரமானவர் பின்னால் தள்ளப்படுவார்.

இரண்டாம் படி, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பொது மருத்துவத்தில் 10-ஐ எல்லையாக வைப்பது வழக்கம். புற்றுநோயாளிகளுக்கு 8-லிருந்தே கவனிக்கச் சொல்கிறது அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி. 8 முதல் 14 வரை மிதமானது. 15-ம் அதற்கு மேலும் தீவிரத்தை நோக்கியது.

சிக்கல் எழுவது பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான். இருவர் 11 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்குத் தூக்கம் 3, சோர்வு 3, பசி 2, கவனம் 1, மனச்சோர்வு 1, ஆர்வமின்மை 1. இரண்டாமவருக்கு ஆர்வமின்மை 3, மனச்சோர்வு 2, தன்னைத் தாழ்வாக எண்ணுவது 2, தூக்கம் 2, சோர்வு 1, ஒன்பதாவது கேள்வியில் 1. கூட்டுத்தொகை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றுதான்.

முதலாமவரின் 11-ல் 9 தூக்கம், சோர்வு, பசி, கவனம் பற்றிய கேள்விகளிலிருந்து வந்தது. கட்டுப்படாத வலியோ, இரத்தசோகையோ, தொடங்கிவிட்ட டெக்ஸாமெத்தசோனோ அத்தனையையும் தரக்கூடும். அதற்காக அந்த எண்களைக் கழித்துவிடாதீர்கள், மனச்சோர்வும் தூக்கத்தையும் பசியையும் கெடுக்கும். காரணத்தைத் தேடிச் சரிசெய்து, இரண்டு வாரத்தில் மறுபடி கேளுங்கள். முன்பு மனச்சோர்வு இருந்தவர் என்றாலோ, அன்றாட வேலைகள் முடங்கியிருந்தாலோ காத்திருக்காமல் உளநலக் குழுவுக்கு அனுப்புங்கள்.

இரண்டாமவருக்கு அன்றே ஆள் தேவை. இறந்துபோனால் தேவலை என்ற எண்ணத்தையும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றிக் கேட்பது அந்த ஒன்பதாவது கேள்வி. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் 3-ஆகவே இருந்தாலும், அவர் வீடு திரும்புமுன் பயிற்சி பெற்ற ஒருவர் தனியே உட்கார்ந்து கேட்க வேண்டும்: எண்ணம் எந்த அளவுக்கு இருக்கிறது, திட்டம் உண்டா, அதற்கான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? ‘நோயின் களைப்பில் சாவே மேல் என்கிறார்’ என்பதும் இதில் வரலாம், தற்கொலை எண்ணமும் வரலாம், கேட்டால்தான் தெரியும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. திட்டம் இருந்தால் தனியே விடாமல், உடனே மனநல மருத்துவரை அழையுங்கள். நோய் உறுதியான பின் வரும் முதல் வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம் என்பதால், இந்த ஒரு விதிக்கு மட்டும் விலக்கே வேண்டாம்.

15 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு வாரத்துக்குள் உளநலக் குழு பார்க்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. 20-ஐத் தாண்டினால் ஓரிரு நாளில்.

படிவம் கொடுக்கும் நேரமும் முக்கியம். செய்தி கேட்டு ஐந்தே நாளானவரிடம் இரண்டு வாரக் கணக்கைக் கேட்டால், பாதிக்கும் மேற்பட்டவை அவர் நோயை அறியாதிருந்த நாட்கள். அவருக்கு இப்போது தெர்மாமீட்டரும் ஒன்பதாவது கேள்வியும் போதும். முழுப் படிவத்தைச் சிகிச்சை தொடங்குமுன் கொடுக்கலாம். இன்னொன்று: உறவினர் பக்கத்திலிருந்து பதில் சொல்லித்தரும் படிவத்தை நம்ப முடியாது. ஐந்து நிமிடம் அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

மருந்து எழுதுவோருக்கும் ஒரு சொல். டமாக்சிஃபென் எடுப்பவருக்கு ஃப்ளூவாக்சிட்டினோ பராக்சிட்டினோ வேண்டாம். டமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை அவை தடுக்கின்றன. வென்லாஃபாக்சின் போன்றவை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது, படிவத்தின் அடியில் இரண்டு வரி சேர்ப்பது: பொறுப்பாளர் பெயர், பார்க்கப்பட்ட தேதி. தேதி நிரப்பப்படாத படிவம் கோப்புக்குள் போகக் கூடாது. அத்தகைய படிவங்களை வாரந்தோறும் ஒருவர் எடுத்துப் பார்த்து, பரிந்துரைத்தும் வராதவர்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
புற்றுநோயாளிகளின் உளநலப் பணியில் உள்ளோர்