பக்கத்துப் பட்டறை வெல்டிங்கும் நம் வீட்டு விளக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நடக்கும்போதெல்லாம் வீட்டு விளக்குகள் மினுக்குகின்றன, என்ன செய்யலாம் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். 'நல்ல ஸ்டெபிலைசராக ஒன்று வாங்கிப் போடுங்கள்' என்று சென்ற இதழில் பதில் வந்திருந்தது. வயரிங் வேலையிலேயே காலம் கழித்த எனக்கு அதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. கோளாறு எங்கே என்று பார்க்காமல் ஸ்டெபிலைசர் போடுவது சில வீடுகளில் ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பட்டறைக்காரர் இழுக்கும் கரண்ட் நம் வீட்டு சர்வீஸ் வயருக்குள் வருவதே இல்லை. டிரான்ஸ்பார்மரில் கிளம்பி, தெருக் கம்பி வழியாக ஓடி, அவருடைய சர்வீஸ் பிரியும் கம்பத்தில் இறங்கி அவரிடம் போய்விடுகிறது. கரண்ட் எந்த வழியில் ஓடுகிறதோ அந்த வழியில்தான் வோல்டேஜ் விழும். ஆகவே அவர் வெல்டிங் ராடை இரும்பில் தொடும் அதே நொடியில் நம் விளக்கு மங்கினால், இருவருக்கும் பொதுவான பாதையில் எங்கோ வோல்டேஜ் விழுகிறது என்று அர்த்தம். நம் வீட்டு சுவிட்சுகளை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது போகாது. நம் வீட்டு மோட்டாரோ அயர்ன் பாக்ஸோ போட்டால் விளக்கு மங்குகிறது என்றால் கதை வேறு. அந்தக் கரண்ட் பொதுப் பாதையிலும் ஓடுகிறது, நம் சர்வீஸ் வயர், மீட்டர், மெயின் சுவிட்ச் என்று நம்முடைய ஒவ்வொரு இணைப்பிலும் ஓடுகிறது.

இதைச் சோதிக்கும்போது பலரும் ஓர் இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 'எதிர்வீட்டில் மினுக்கவில்லை, உங்கள் வீட்டில் மட்டும்தான் மினுக்குகிறது, அப்படியானால் கோளாறு உங்களுடையதுதான்' என்று எலெக்ட்ரீஷியன்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தெருவில் ஓடுவது மூன்று ஃபேஸ். வீடுகளை ஒன்றுவிட்டு ஒன்று வெவ்வேறு ஃபேஸில் கொடுத்திருப்பார்கள். பட்டறைகளில் இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் வகை வெல்டிங் மெஷின் பெரும்பாலும் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே கட்டப்பட்டிருக்கும். அது இழுக்கும்போது அந்த இரண்டு ஃபேஸ் வீடுகளும் மங்கும், மூன்றாவது ஃபேஸ் வீட்டுக்கு ஒன்றுமே தெரியாது. எனவே ஒப்பிடுவதானால் நம் ஃபேஸிலேயே இருக்கும் வீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். எது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு ஃபேஸ் மட்டும் போகும் நாளில் நம்மோடு சேர்ந்து இருட்டாகும் வீடுகள் எவை என்று பார்த்து வைத்தால் போதும்.

நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். கிரில் பட்டறையோடு நெடுநாள் சண்டை. பகலில் விளக்கு படபடவென்று துடிக்கிறது, இரவிலும் அவ்வப்போது மங்குகிறது, எல்லாவற்றுக்கும் பட்டறைதான் காரணம் என்றார்கள். 'இரவில் பட்டறை திறந்திருக்குமா?' என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. துடிப்பு ஒரு தினுசு, ஒருமுறை மங்கி மீள்வது இன்னொரு தினுசு. வெல்டிங்கில் ஆர்க் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பதால் வோல்டேஜ் நிலையில்லாமல் துடித்துக்கொண்டே இருக்கும். மோட்டார் கிளம்பும்போது ஒரே ஒரு சரிவு, ஒரு நொடிக்குள் பழைய நிலை. அந்த வீட்டில் இரண்டும் இருந்தன. அதாவது, கோளாறும் இரண்டு.

பட்டறை பூட்டிய பிறகு மாலையில் சோதனையைத் தொடங்கினேன். வீட்டின் எம்.சி.பி. பெட்டியில் 231 வோல்ட் இருந்தது. 2,000 வாட் ஹீட்டரைப் போட்டதும் 219 ஆனது. கிளாம்ப் மீட்டரில் கரண்ட் 8.3 ஆம்பியர். இவ்வளவு கரண்டுக்கு 12 வோல்ட் விழுவது மிக அதிகம், ஒழுங்கான இணைப்புள்ள வீட்டில் மூன்று நான்கு வோல்ட்தான் விழ வேண்டும். சரி, எங்கே விழுகிறது? ஹீட்டர் ஓடும்போதே மீட்டரிலிருந்து வெளியேறும் முனையில் அளந்தேன், 228. மீட்டர் வரை 3 வோல்ட், மீட்டருக்கும் எம்.சி.பி. பெட்டிக்கும் இடையில் 9 வோல்ட். நடுவில் இருப்பது மெயின் சுவிட்ச் ஒன்றுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்தால், நியூட்ரல் வயர் பிடித்திருக்கும் திருகு கறுத்துப் போய், வயரின் மேலுறை முறுகி, தொட்டால் உதிர்ந்தது. 9 வோல்ட்டை 8.3 ஆம்பியரால் பெருக்குங்கள், ஏறத்தாழ 75 வாட். ஹீட்டர் ஓடும்போதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு 75 வாட் குண்டு பல்பு எரிந்ததற்குச் சமமான சூடு அது. இரவில் விளக்கு மங்கியது அவர்களுடைய தண்ணீர் மோட்டார் கிளம்பும் நேரங்களில்தான். மெயின் சுவிட்சை மாற்றி, வயரின் கருகிய நுனியை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்கிய பிறகு ஹீட்டருக்கு 3 வோல்ட் போலத்தான் விழுந்தது. மோட்டார் போட்டாலும் விளக்கு அசையவில்லை.

மறுநாள் பகலில் பட்டறை ஓடும்போது மெயின் சுவிட்சை ஆஃப் செய்தேன். வீட்டுக்குள் ஒரு பல்பு கூட எரியவில்லை. அந்த நிலையில் மெயின் சுவிட்சுக்கு உள்ளே வரும் முனையில் அளந்தபோது 230 இருந்தது, ராடு தொடும்போதெல்லாம் 220 வரை இறங்கி ஏறியது. வீடு ஒரு துளி கரண்டும் இழுக்காதபோது விழும் வோல்டேஜுக்கு வீட்டு வயரிங்கைக் குறை சொல்ல வழியே இல்லை. இதைவிடத் தெளிவான சாட்சி வேறு கிடையாது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், ஆகவே உண்மையான சரிவு இன்னும் கொஞ்சம் ஆழமாகவே இருந்திருக்கும். குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி உள்ள மீட்டர் இதற்கு நல்லது. மெயினைத் திறந்து அளப்பது உயிரோடு விளையாடும் வேலை என்பதால் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

'விளக்கு மினுக்குகிறது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மின் அலுவலகத்தில் உள்வயரிங்கைப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வீட்டுக்காரர் 'மெயின் ஆஃப் நிலையில் 230-லிருந்து 220, இன்ன நேரம், இன்ன கம்பம்' என்று எழுதிக் கொடுத்தார். ஆட்கள் வந்து கம்பத்து ஜம்பர் இணைப்புகளை இறுக்கினார்கள். கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதூரம், மெல்லிய கம்பி, லைனின் கடைசிப் பகுதி, அங்கே கனத்த கரண்ட் இழுத்தால் விழத்தான் செய்யும். அப்புறம் வெல்டிங் மெஷின் எந்த இரண்டு ஃபேஸில் இருக்கிறது என்று பார்த்து, வீட்டு சர்வீஸை மூன்றாவது ஃபேஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். துடிப்பு நின்றது. ஒரே ஃபேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் மெஷினாக இருந்தால் இந்த வைத்தியம் இவ்வளவு சுத்தமாகப் பலிக்காது, நியூட்ரல் எல்லோருக்கும் பொது.

இப்போது ஸ்டெபிலைசருக்கு வருகிறேன். ரிலே வகை ஸ்டெபிலைசரால் வெல்டிங் துடிப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம், அந்த வீட்டைப் போல ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் நடப்பது. வோல்டேஜ் குறைவாக வரும்போது ஸ்டெபிலைசர் அதை உயர்த்திக் கொடுப்பதற்காக லைனிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட் அதே கருகிய திருகு வழியாகத்தான் வர வேண்டும். விளக்கு நன்றாக எரியும், பெட்டிக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், எச்சரிக்கை செய்து வந்த அந்த மினுக்கலும் கண்ணில் படாமல் போய்விடும்.

பட்டறை இல்லாமல், அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிளம்பும்போது வீட்டு விளக்கு மங்கினால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நேரடியாகக் கிளம்பும் மோட்டார் தன் வழக்கமான கரண்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை தொடக்கத்தில் இழுக்கும். வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் டிரைவ் பொருத்திய லிஃப்டில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. லிஃப்ட் மோட்டார் பொதுவாக மூன்று ஃபேஸிலும் சமமாக இழுப்பது, ஆகவே மங்கினால் எல்லா வீடுகளும் ஒரே அளவில் மங்க வேண்டும். ஒரு ஃபேஸில் உள்ள வீடுகள் மட்டும் பளிச்சென்று தெரியும்படி மங்கினால், கட்டடத்தின் பொது மெயின் போர்டில் அந்த ஃபேஸின் ஃப்யூஸ் பிடியோ போல்ட்டோ தளர்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தெரு லைனும் இல்லை, வீட்டு வயரிங்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் யாரும் பொறுப்பேற்காத இடம் அது. எப்போதும் இருந்த மங்கல் திடீரென்று அதிகமானாலும் இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். கம்பியின் பருமன் ஒரே வாரத்தில் மாறாது, திருகு தளரும். காற்றடித்தால், மழை பெய்தால் கூடுகிறது என்றால் கம்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, காத்திருக்கவே கூடாத ஓர் அறிகுறி. ஒரு பக்கம் மங்கும்போது இன்னொரு பக்கம் விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கக்கூடும். மூன்று ஃபேஸ் வாங்கிய வீட்டில் இது அறைக்கு அறை தெரியும். ஒற்றை ஃபேஸ் வீடுகளில், நம் வீடு மங்க அடுத்த வீடு பளிச்சிடும், அப்போது தளர்ந்திருப்பது தெரு நியூட்ரலாக இருக்கும். அது முழுதும் அறுந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம், ஃப்ரிட்ஜும் டிவியும் நொடியில் போய்விடும். அப்படிப் பார்த்தால் உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு, மற்ற வீடுகளுக்கும் சொல்லி, 'நியூட்ரல் தளர்ந்திருக்கிறது' என்ற வார்த்தையோடே மின் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். லைன் சரியாகும் வரை மெயினைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலில் இருந்த ஒரு வாசகர்