ஒற்றைத் தாளில் எழுதித் தாருங்கள்

ஆசிரியருக்கு, முழு உடல் பரிசோதனை பற்றிய தங்கள் கட்டுரையில், எம்.ஜி.யு.எஸ். 'பயப்பட வேண்டியதில்லை' என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. மஜ்ஜைச் செல்கள் சுரக்கும் 'எம் புரதம்' என்ற அசாதாரணப் புரதம் ரத்தத்தில் தெரியும் இந்த நிலை, ஆண்டுக்குச் சுமார் 100 பேரில் ஒருவருக்கு மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோயாக மாறுகிறது. பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக அந்த வாய்ப்பு தீர்ந்துவிடாது. சரி, சிகிச்சை உண்டா என்றால் இல்லை, கண்காணிப்பு மட்டும்தான். அதனாலேயே பலர் மறுபரிசோதனையை விட்டுவிடுகிறார்கள்.

என் மாமனாருக்கு எம் புரதம் டெசிலிட்டருக்கு 1.2 கிராம். ஆறு மாதம் கழித்தும், அடுத்த வருடமும் அதேதான். மூன்றாம் வருடம் 2.4 ஆனது, 13 இருந்த ஹீமோகுளோபின் 10.6-க்கு இறங்கியது. 'வயசாகிறதல்லவா' என்று வீட்டில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வைத்திருந்தோம்! பழைய தாள்களை அருகருகே வைத்துப் பார்த்த மருத்துவர்தான் மஜ்ஜைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மைலோமா உறுதியானது, எலும்பு முறிவோ சிறுநீரகப் பாதிப்போ வரும் முன்பே சிகிச்சை தொடங்கியது. தனியாகப் பார்த்தால் 2.4 பெரிய எண் அல்ல. ஏறிய வேகம்தான் காட்டிக்கொடுத்தது. எனவே ஆய்வகங்கள் எம் புரதம், ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கால்சியம் நான்கின் முந்தைய அளவுகளையும் புதிய அறிக்கையிலேயே அச்சிட்டுத் தரலாம்.

— வாசகர், மதுரை