கூண்டு வீடியோவும் அலை வீடியோவும்: கடலூர், புதுச்சேரி யூடியூப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

புயல் சின்னம் உருவானதும் நீங்கள் இரண்டு வகை வீடியோ போடுகிறீர்கள். ஒன்று, தேவனாம்பட்டினத்தில் அலை சீறுவதைக் காட்டுவது. இன்னொன்று, துறைமுகத்தில் ஏற்றியிருக்கும் கூண்டு எண்ணுக்கு அர்த்தம் சொல்வது. இரண்டுக்குமே "கடலூர் மக்களே உஷார்!" என்றுதான் தலைப்பு. என் ஆதங்கமே அதுதான்.

அலை வீடியோவை யாரும் தேடி வருவதில்லை. வேறொரு மழை வீடியோ பார்ப்பவருக்கு, அதைப் பார்த்தவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்கள், இவர் வழக்கமாக எதைப் பார்ப்பார் என்று கணித்து யூடியூப் அதைப் பரிந்துரைக்கிறது. அங்கே முகப்புப் படமும் தலைப்பும் இழுக்க வேண்டும், வந்தவர் கொஞ்ச நேரமாவது பார்க்க வேண்டும். "உஷார்" அங்கே எடுபடும். புயல் கரை கடந்ததும் பார்வைகளும் அடங்கிவிடும்.

கூண்டு வீடியோ அப்படியல்ல. படகை வெளியே எடுக்கலாமா என்று யோசிப்பவர் "3ம் எண் கூண்டு அர்த்தம்" என்று தட்டுகிறார். அவர் தட்டிய சொற்கள் தலைப்பிலும் விளக்கக் குறிப்பிலும் உள்ளடக்கத்திலும் எவ்வளவு பொருந்துகின்றன, அதே தேடலில் வந்தவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துத்தான் வரிசை அமைகிறது. "உஷார்" என்று யார் தேடப்போகிறார்கள்? "3-ம் எண் புயல் கூண்டு என்றால் என்ன? கடலூர் துறைமுகம்" என்று வைத்தால் ஒவ்வொரு பருவமழைக்கும் அது மறுபடி மேலே வர வாய்ப்புண்டு. பலர் ஆங்கில எழுத்தில் puyal koondu என்று தட்டுவார்கள். அதையும் குறிப்பில் ஒரு வரியில் சேருங்கள். டேக் போட்டால் போதும் என்று இருக்காதீர்கள், அதன் பங்கு மிகச் சிறியது.

சந்தேகம் இருந்தால் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் Analytics போய், பார்வைகள் வந்த வழியில் YouTube search என்பதைத் திறந்து பாருங்கள். என்ன தேடி வந்தார்கள் என்று சொற்களாகவே காட்டும். அங்கே உங்கள் சேனல் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள்தான் வருகிறார்கள். கூண்டைத் தேடியவர் வந்து சேரவில்லை. Suggested videos என்பதில் எந்தெந்த வீடியோவின் வழியாக வந்தார்கள் என்று தெரியும்.

அப்புறம், பரிந்துரையில் பழசும் வரும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்ட காட்சிகள் இன்றைய மழை வீடியோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போடுவார்கள். அதனால் அலை வீடியோவின் தலைப்பிலும் முகப்புப் படத்திலும் தேதியைப் போடுங்கள்.

ஏற்கெனவே போட்ட கூண்டு வீடியோக்களை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம். தலைப்பை மட்டும் மாற்றலாம், வந்த பார்வைகள் அப்படியே இருக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் அதைச் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீடியோக்களைப் பார்க்கும் கடலூர்க்காரன்