டிரம், சம்ப் கொசுப்புழு: ஞாயிறு காலை சுகாதார ஆய்வாளர் வருகிறார்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு (செப்டம்பர் 20) காலை 10 மணிக்கு, மழைக்கு முன் தேங்கிய தண்ணீரை அகற்றுவது பற்றி நம் வார்டு சுகாதார ஆய்வாளர் பேசுகிறார். இடம்: பி பிளாக் பார்க்கிங். முக்கால் மணி நேரம்தான்.

நமக்குப் பெரிய தலைவலி லாரி தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்தான். டெங்கு கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டிவிடும். பார்க்கக் கறுப்புப் பொடி மாதிரி இருக்கும். டிரம்மைக் கவிழ்த்துக் காயவைத்தாலும் மாதக்கணக்கில் சாகாது. திரும்பத் தண்ணீர் ஏறினால் பொரிந்து, ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாகிவிடும். சும்மா அலசி ஊற்றினால் போதாது என்பது அதனால்தான்.

1. சனிக்கிழமைக்குள் டிரம்மைக் காலி செய்து, உள்சுவரை விளிம்பிலிருந்து பிரஷ் போட்டு அழுத்தித் தேயுங்கள். பிறகு வாரம் ஒருமுறை.
2. கழுவிய தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள்.
3. மூடி சரியாக உட்காராவிட்டால் பழைய வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள்.
4. சம்ப்பைக் காலி செய்ய முடியாதவர்கள் அதன் நீள, அகல, ஆழத்தை அளந்து வாருங்கள். புழு மருந்தின் அளவு அதைப் பொறுத்ததுதான்.
5. ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள டிரேயையும் பாருங்கள். பலர் மறப்பது அதைத்தான்!

வருபவர்கள் வீட்டு எண், எத்தனை பேர் என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே போடுங்கள். நாற்காலி சொல்ல வேண்டும்.